ஒரே இருப்பு, மூன்று வட்டிப் பங்கு: நம் சுயஉதவிக் குழு உறுப்பினர்களுக்குச் செயலாளரின் திறந்த மடல்

அக்கா, தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

மார்ச் கூட்டத்தில் வட்டிப் பங்குத் தாளை வாசித்தபோது எழுந்த சத்தம் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். மூன்று பாஸ்புக்குகளில் சேமிப்பு இருப்பு ஒரே மாதிரி 8,400 ரூபாய். ஆனால் வட்டிப் பங்கு ஒருவருக்கு 937, இன்னொருவருக்கு 876, மூன்றாமவருக்கு 1,267. அது போதாதென்று, 18,400 ரூபாய் இருப்பு வைத்திருக்கும் அக்காவுக்கும் அதே 937 தான். "இது என்ன கணக்கு?" என்று கேட்டீர்கள். கேட்டது நியாயம். இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும், கரடி இறங்கும் நேரம் என்பதால் அன்று விளக்கமாகப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தச் சுற்றறிக்கை. ஆளுக்கு ஒரு பிரதி வரும். கோத்தகிரிப் பக்கம் கூட்டமைப்பில் இருக்கும் மற்ற குழுக்களும் இதைக் கேட்டிருப்பதால் பெயர்களை எழுதவில்லை, பாஸ்புக் எண்ணை மட்டும் சொல்கிறேன். யார் எந்த எண் என்று நமக்குத் தெரியும், வெளியே தெரியத் தேவையில்லை.

முதலில் ஒரு விஷயம். இது நான் இந்த வருடம் புதிதாகக் கண்டுபிடித்த முறை இல்லை. சென்ற ஏப்ரல் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டது. அதற்கு முன்பு வட்டியைத் தலைக்குச் சமமாகப் பிரித்து ரொக்கமாகக் கொடுத்தோம். அப்போது அது சரியாகவும் இருந்தது. ஏனென்றால் முப்பது மாதம் எல்லோரும் ஒரே நாளில் 200 ரூபாய் சந்தா கட்டினோம், எல்லோருடைய இருப்பும் 6,000 தான். எல்லோரும் ஒன்றுபோல் கட்டினால் எந்த முறையில் பிரித்தாலும் ஒரே விடைதான் வரும். இந்த வருடம்தான் முதல் தடவையாக நம் பாஸ்புக்குகள் தனித்தனி வழியில் போயின. ஒருவர் பல மாதம் கட்டாமல் பிறகு மொத்தமாகக் கட்டினார். ஒருவர் நடுவில் கூடுதலாகப் போட்டு எடுத்துக்கொண்டார். ஒருவர் கடைசிக் கூட்டத்தில் பெரிய தொகை போட்டார். ஒருவர் அக்டோபரில் புதிதாகச் சேர்ந்தார். அப்புறம் எப்படிச் சமமாகப் பிரிப்பது?

இனி கணக்குக்கு வருவோம். நாம் சேமிக்கும் பணம் பெட்டியில் தூங்குவதில்லை. கூட்டத்தில் கட்டுகிறோம், அதே கூட்டத்தில் யாராவது உள்கடனாக வாங்கிக்கொண்டு போகிறார்கள், அடுத்த கூட்டத்தில் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் 50 காசு வட்டியோடு தவணை கட்டுகிறார்கள். ஆக, வட்டியைச் சம்பாதிப்பது ரூபாய் மட்டும் இல்லை, அந்த ரூபாய் குழுவில் இருந்த காலமும் சேர்ந்துதான் சம்பாதிக்கிறது. 200 ரூபாய் பத்து மாதம் இருப்பதும் 2,000 ரூபாய் ஒரு மாதம் இருப்பதும் குழுவுக்கு ஒரே உழைப்பு. இரண்டையும் பெருக்கினால் 2,000 வருகிறது. இதைத்தான் பெருக்குத்தொகை என்கிறோம். ஒவ்வொருவருடைய பெருக்குத்தொகையும் எல்லோருடைய பெருக்குத்தொகையில் எத்தனை பங்கோ, பிரிக்கவேண்டிய வட்டியிலும் அவருக்கு அத்தனை பங்கு.

உங்கள் பங்கு = பிரிக்கவேண்டிய தொகை × உங்கள் பெருக்குத்தொகை ÷ மொத்தப் பெருக்குத்தொகை

அவ்வளவுதான் சூத்திரம். மாதத்தை எப்படி எண்ணுவது என்பதில்தான் தகராறு வரும், அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் வட்டி வருடம் ஒரு மார்ச் கூட்டத்திலிருந்து அடுத்த மார்ச் கூட்டம் வரை. நடுவில் பன்னிரண்டு இடைவெளிகள். போன மார்ச் கூட்டம் முடிந்தபோது உங்கள் பெயரில் இருந்த பணம் பன்னிரண்டு இடைவெளியும் வேலை செய்திருக்கிறது. ஏப்ரலில் கட்டிய 200 ரூபாய் பதினொரு இடைவெளி வேலை செய்திருக்கிறது. மே மாதப் பணம் பத்து. இப்படியே குறைந்து பிப்ரவரிப் பணத்துக்கு ஒன்று. இந்த மார்ச்சில் கட்டிய பணத்துக்குச் சுழியம். அது கடனாகப் போனது அன்றைக்குத்தான், அதன் முதல் வட்டி ஏப்ரல் கூட்டத்தில்தான் வரும். அந்தப் பணம் வீணாகவில்லை. அடுத்த வருடத்தின் ஆரம்ப இருப்பில் உட்கார்ந்து முழுப் பன்னிரண்டு மாதம் சம்பாதிக்கும்.

தேதியை எண்ணவில்லை, கூட்டத்தைத்தான் எண்ணுகிறோம். நவம்பர் மழையில் கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனது. அதனால் யாருக்கும் கால் மாதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எல்லோருடைய பணமும் ஒன்றாகவே ஒரு வாரம் காத்திருந்தது.

பெருக்கல் வேண்டாம் என்றால் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. உங்கள் பாஸ்புக்கில் ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் 'இருப்பு' என்ற கட்டத்தில் ஒரு தொகை எழுதியிருக்கும். போன மார்ச் முதல் இந்தப் பிப்ரவரி வரை பன்னிரண்டு இருப்புகளையும் கூட்டுங்கள். அதுவேதான் உங்கள் பெருக்குத்தொகை. போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும், பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவார்கள்.

இப்போது கேள்வி எழுப்பிய பாஸ்புக்குகளைத் திறப்போம்.

4ஆம் எண் பாஸ்புக்தான் நம்மில் பெரும்பாலோரின் பாஸ்புக். போன மார்ச் இருப்பு 6,000. ஏப்ரலில் 6,200, மே மாதம் 6,400 என்று ஏறி பிப்ரவரியில் 8,200. பன்னிரண்டு இருப்பையும் கூட்டினால் 85,200. வேறு வழியில் சரிபார்த்தால், 6,000 ரூபாய் பன்னிரண்டு மாதத்துக்கு 72,000. மாதச் சந்தா 200-ஐ 11, 10, 9 என்று குறைத்துக்கொண்டே 1 வரை பெருக்கிக் கூட்டினால் 13,200. இரண்டும் சேர்ந்து அதே 85,200.

9ஆம் எண் தங்கை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு கூட்டத்துக்கு வரவில்லை, பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். நவம்பரில் வந்து பாக்கி ஏழு சந்தாவையும் அந்த மாதச் சந்தாவையும் சேர்த்து 1,600 ரூபாய் கட்டினார். அதனால் மார்ச் மாத இருப்பு அவருக்கும் 8,400 தான். ஆனால் போன மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை எட்டு இருப்புகளும் அவருடைய பாஸ்புக்கில் 6,000 என்றே நிற்கின்றன. அவை 48,000. நவம்பரில் 7,600, டிசம்பரில் 7,800, ஜனவரியில் 8,000, பிப்ரவரியில் 8,200. மொத்தம் 79,600. மற்றவர்களைவிட 5,600 குறைவு. அந்தக் குறைவுக்கான வட்டிதான் 61 ரூபாய்.

"அபராதம் 70 ரூபாய் கட்டினேனே, அப்புறம் வட்டியிலும் ஏன் பிடிக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டார். வட்டியில் எதையும் பிடிக்கவில்லை. அந்த மாதங்களில் அவருடைய பணம் குழுவில் இல்லை, இல்லாத பணம் சம்பாதிக்கவில்லை. அபராதம் வேறு கதை, கூட்டத்துக்கு வராததற்கு மாதம் 10 ரூபாய். என்னைக் கேட்டால், பிள்ளை பெறப் போனவரிடம் அபராதம் வாங்குவது சரியில்லை. இந்த வருட அபராதம் ரொக்கப் புத்தகத்தில் வரவாகிவிட்டது, அதைத் தொட முடியாது. அடுத்த கூட்டத்தில் பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அபராதம் கிடையாது என்று தீர்மானம் போடலாம், நான் முன்மொழிகிறேன். ஆனால் வட்டி வித்தியாசம் அப்படியேதான் இருக்கும்.

11ஆம் எண் அக்கா சந்தாவை ஒழுங்காகக் கட்டியதோடு, மே கூட்டத்தில் தேயிலைப் பணம் வந்தபோது 5,000 ரூபாய் விருப்பச் சேமிப்பாகப் போட்டார். நவம்பர் கூட்டத்தில் மகளின் விடுதிக் கட்டணத்துக்காக அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மார்ச்சில் பார்த்தால் இருப்பு 8,400, அந்த 5,000 வந்துபோன தடமே கடைசிப் பக்கத்தில் தெரியாது. ஆனால் மே முதல் அக்டோபர் வரை ஆறு இருப்புகளில் அது ஏறி நிற்கிறது. ஆறு ஐயாயிரம் 30,000. வழக்கமான 85,200-உடன் சேர்த்தால் 1,15,200. 1,267 ரூபாய் அப்படி வந்தது.

2ஆம் எண் அக்கா இந்த மார்ச் கூட்டத்தில் 10,000 ரூபாய் போட்டார். இருப்பு 18,400. அந்தப் பத்தாயிரத்துக்கு இந்த வருடக் கணக்கில் சுழியம், காரணத்தை மேலேயே சொல்லிவிட்டேன். மார்ச் 18,400 நம் கூட்டலுக்குள் வரவே வராது, பிப்ரவரி 8,200 வரைதான் வரும். அதனால் அவருடைய பெருக்குத்தொகையும் 85,200 தான்.

அக்டோபரில் சேர்ந்த 12ஆம் எண் தங்கைக்கு 200, 400, 600, 800, 1,000 என்று ஐந்து இருப்புகள். மொத்தம் 3,000, பங்கு 33 ரூபாய். அவர் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் முகம் வாடியது. அடுத்த மார்ச்சில் அவருக்கும் முழு வருடம் கணக்காகும்.

பன்னிரண்டு பேரின் பெருக்குத்தொகையும் சேர்ந்து 9,64,600. இதைச் சரிபார்க்க நீங்கள் யாரையும் நம்ப வேண்டியதில்லை. பொதுப் பேரேட்டில் ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் குழுவின் மொத்தச் சேமிப்பு இருக்கிறது. போன மார்ச்சில் 66,000, பிப்ரவரியில் 91,200, நடுவில் மற்றவை. அந்தப் பன்னிரண்டு மொத்தங்களைக் கூட்டினாலும் 9,64,600 வர வேண்டும். ஆளாளுக்குப் பாஸ்புக்கில் குறுக்கே கூட்டியதும் பேரேட்டில் நெடுக்கே கூட்டியதும் ஒத்துப்போனால் கூட்டலில் குறை இல்லை. ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தைப் பாருங்கள். 200-ஆல் வகுபடுகிற தொகை என்றால் யாருடைய பாஸ்புக்கிலோ ஒரு சந்தாப் பதிவு மாதம் மாறி விழுந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். 5,000-த்தில் வித்தியாசம் வந்தால் 11ஆம் எண் பாஸ்புக்கில் பணம் எடுத்த மாதத்தைப் பாருங்கள்.

இந்தப் பெருக்குத்தொகைக்கு எதிரே நிற்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்கடன் வட்டியாக 13,400 ரூபாய் வந்தது. சேமிப்புக் கணக்கில் வங்கி போட்ட வட்டி 260. அபராதம் 340. ஆக 14,000. இதில் பதிவேடுகள், தணிக்கைக் கட்டணம், வங்கிக்குப் போய்வந்த பஸ் செலவு எல்லாம் சேர்த்து 1,410 போனது. மீதி 12,590. வங்கி இணைப்புக் கடன் இதில் வராது. அதற்கு வங்கி கேட்கும் வட்டியை வாங்கியவர்களிடம் அப்படியே வசூலித்து அப்படியே கட்டிவிடுகிறோம், குழு நடுவில் ஒரு காசும் எடுப்பதில்லை.

12,590-ஐயும் நமக்குள்ளேயே பிரித்துக்கொள்ள முடியாது. குழு பெட்டியில் இன்னொருவர் இருக்கிறார், அவர்தான் சுழல் நிதி. அரசு கொடுத்த 15,000 ரூபாய் வருடம் முழுக்க நம் சேமிப்போடு சேர்ந்து கடனாகச் சுற்றியது. அது யாருடைய சேமிப்பும் இல்லை, யாராவது குழுவை விட்டுப் போனாலும் அதில் பங்கு கேட்க முடியாது. அது சம்பாதித்த வட்டியும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, சுழல் நிதியைப் பதின்மூன்றாவது உறுப்பினராகக் கணக்கில் சேர்த்திருக்கிறோம். 15,000 பன்னிரண்டு மாதத்துக்கு 1,80,000. நம்முடைய 9,64,600-உடன் சேர்த்தால் மொத்தம் 11,44,600.

12,590-ஐ 11,44,600-ஆல் வகுத்தால் 100 ரூபாய் ஒரு மாதம் இருந்ததற்கு 1 ரூபாய் 10 காசு வருகிறது, துளி குறைவு. இந்த ஒரு விகிதம் தெரிந்தால் போதும், உங்கள் பங்கை நீங்களே போட்டுவிடலாம். 85,200-க்கு 937 ரூபாய் 16 காசு. 79,600-க்கு 875 ரூபாய் 56 காசு. 1,15,200-க்கு 1,267 ரூபாய் 14 காசு. அரை ரூபாய்க்கு மேல் இருந்தால் ஏற்றி, குறைந்தால் விட்டு முழு ரூபாயாக்கினோம். ஒன்பது பேருக்கு 937, மற்ற மூவருக்கு 876, 1,267, 33. உறுப்பினர்களுக்கு மொத்தம் 10,609. மிச்சம் 1,981 ரூபாய் சுழல் நிதியின் பங்காகப் பொது நிதிக்கு. சூத்திரப்படி அதற்கு 1,980-க்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும், காசு திருத்தியதில் ஒரு ரூபாய் அங்கே போய்ச் சேர்ந்தது. காசு மிச்சம் எப்போதும் பொது நிதிக்கே, செயலாளர் கைக்கு இல்லை.

சரி, கடன் கொடுப்பது ஒன்றரை வட்டிக்கு, பங்கு வருவது ஒன்றேகால் வட்டிக்குக் கூட இல்லையே, நடுவில் 40 காசு எங்கே போனது? இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். செலவு ஒரு பகுதி. இன்னொரு பகுதி, 6ஆம் எண் கணக்கில் 5,000 ரூபாய் கடனுக்கு ஒரு வருடமாக வட்டி வரவில்லை, அது 900 ரூபாய். எல்லாவற்றையும்விடப் பெரிய பகுதி, வங்கியில் சும்மா கிடந்த பணம். சேமிப்பும் சுழல் நிதியும் சேர்ந்து சராசரியாக 95,000 ரூபாய்க்குச் சற்று மேல் நம்மிடம் இருந்தது. அதில் கடனாகச் சுற்றியது 79,000-த்துக்கு மேல். மீதி ஏறக்குறைய 16,000 ரூபாய் மாதாமாதம் யாரும் கேட்காமல் கிடந்தது. அது முழுக்கக் கடனாகப் போயிருந்தால் இன்னும் 2,800 ரூபாய்க்கு மேல் வந்திருக்கும், வங்கி கொடுத்ததோ 260.

வராத அந்த 900 ரூபாயை நான் வரவில் எழுதவில்லை. "வரத்தானே போகிறது, சேர்த்துப் பிரித்துவிடலாம்" என்று ஒரு அக்கா சொன்னார். பிரித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கையில் வராத வட்டியைப் பிரித்துக் கொடுக்க வேண்டுமானால் கையில் இருக்கும் வேறு பணத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும், அது நம்முடைய சேமிப்பு. நம் பணத்தை நமக்கே வட்டி என்று சொல்லிக் கொடுத்துக்கொள்வோம். பேரேட்டில் லாபம் தெரியும், பெட்டியில் பணம் குறையும். உள்கடன் வட்டியில் ரொக்கப் புத்தகத்தில் ரசீது எண்ணோடு இருப்பது மட்டுமே வரவு. 900 வரும்போது அந்த வருட வரவில் சேரும்.

6ஆம் எண் அக்காவுக்கும் 937 பங்கு உண்டு, அவருடைய சேமிப்பு ஒழுங்காக வந்திருக்கிறது. அதைக் கையில் கொடுக்காமல் அவருடைய கடன் கணக்கில் வரவு வைக்கலாம் என்று அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 900 வட்டிப் பாக்கிக்கும் 37 அசலுக்கும் போகும். அந்த 900 ஏப்ரல் மாத வரவாக அடுத்த வருடக் கணக்கில் ஏறும். சம்மதம் இல்லாமல் யாருடைய பங்கையும் இப்படித் திருப்பிவிடக் கூடாது. கையெழுத்து இல்லாவிட்டால் ரொக்கத்தைக் கொடுத்துவிட்டுத்தான் பாக்கியைக் கேட்க வேண்டும்.

வேறு முறைகளில் பிரித்தால் என்ன என்று கேட்டவர்களுக்கு: அதே 10,609-ஐத் தலைக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 884 ரூபாய். ஐந்து மாதம் முன்பு சேர்ந்து 1,200 ரூபாய் கட்டியவருக்கும் 884. மார்ச் இருப்பை வைத்துப் பிரித்தால் இன்னும் மோசம். 8,400 இருப்பவர்களுக்கு 860, பத்தாயிரத்தைக் கடைசிக் கூட்டத்தில் போட்டவருக்கு 1,884. ஒரு நாள்கூட வேலை செய்யாத பணம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் அடித்துக்கொண்டு போகும், அது நம் பதினோரு பேரின் பங்கிலிருந்து போகும். 2ஆம் எண் அக்கா அந்த எண்ணத்தில் போட்டார் என்று நான் சொல்லவில்லை, நிலம் ஒத்திக்கு விட்ட பணம் அப்போதுதான் கைக்கு வந்தது. ஆனால் அப்படி ஒரு வாசல் திறந்திருந்தால் அடுத்த மார்ச்சில் எல்லோருமே கடன் வாங்கியாவது பணம் கொண்டுவந்து போடுவார்கள், ஏப்ரலில் எடுத்துவிடுவார்கள்.

வட்டி கட்டியவர்களுக்குக் கூடுதல் பங்கு வேண்டும் என்றும் ஒரு வாதம் வந்தது. 3ஆம் எண் தங்கை 10,000 ரூபாய் வாங்கி, மாதம் ஆயிரம் அசலாகப் பத்துத் தவணையில் கட்டினார். குறைந்துகொண்டே போகும் அசலுக்கு வட்டி 150, 135, 120 என்று இறங்கி மொத்தம் 825. "இந்த வட்டியெல்லாம் நாங்கள் கட்டியதுதானே, கடனே வாங்காதவர்களுக்கும் அதே 937-ஆ?" என்கிறார். வட்டியைக் கட்டியவர் பெயரில் திருப்பிக் கொடுக்கும் முறையும் இருக்கிறது. வாங்கியவர்களுக்குக் கொஞ்சம் திருப்பித் தரும் கூட்டுறவு அமைப்புகள் உண்டு. ஆனால் நமக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. அப்படிச் செய்தால் கடன் வட்டி உண்மையில் ஒன்றரை இல்லை, அதற்குக் கீழே என்று ஆகிவிடும். அதற்கு வட்டியையே நேரடியாக ஒன்றேகால் ஆக்கிவிடலாம், கணக்காவது சுலபமாக இருக்கும். வட்டியைக் குறைக்க வேண்டும் என்று யாராவது தீர்மானம் கொண்டுவந்தால் நான் எதிர்க்க மாட்டேன். வெளியே கேட்கிற வட்டி என்ன என்று கடைவீதியில் கைமாற்று வாங்கியவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சூத்திரத்தில் ஓட்டை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்று இருக்கிறது, அதை மறைப்பதில் பயனில்லை. பெருக்குத்தொகை பணம் குழுவில் இருந்த காலத்தைப் பார்க்கிறது, அது கடனாகப் போனதா என்று பார்ப்பதில்லை. 11ஆம் எண் அக்கா மே மாதம் போட்ட 5,000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து நன்றாக வரும் காலம், எல்லோர் கையிலும் கொஞ்சம் பணம், கடன் கேட்க ஆளில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது கொஞ்சம் போனது, மற்றபடி பெட்டி நிரம்பியே இருந்தது. நவம்பரில் அவர் எடுத்துக்கொண்டார். டிசம்பரில் பனி விழ ஆரம்பித்து, ஜனவரியில் கொழுந்து குறைந்து, கடன் கேட்டு நான்கு பேர் நின்றபோது அந்த 5,000 இல்லை. அவருடைய பணம் குழுவுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது சொற்பம். ஆனாலும் சூத்திரம் அதற்கு 330 ரூபாய் கொடுத்திருக்கிறது.

அவர் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை, விதி அனுமதித்ததைத்தான் செய்தார். எந்த ரூபாய் கடனாகப் போனது, எந்த ரூபாய் வங்கியில் கிடந்தது என்று பிரித்துப் பார்க்கவும் முடியாது, பெட்டியில் எல்லாம் கலந்துதான் கிடக்கிறது. மாதாமாதம் எவ்வளவு சும்மா இருந்தது என்று பார்த்து ஒவ்வொரு மாதத்துக்கும் தனி விகிதம் போடலாம். அப்படிப் போட்டால் ஒரு வருடத்துக்குப் பன்னிரண்டு சூத்திரம் எழுத வேண்டும், நீங்கள் யாரும் அதைச் சரிபார்க்க முடியாது. உறுப்பினர் சரிபார்க்க முடியாத கணக்கைவிடச் சிறு ஓட்டையுள்ள கணக்கு மேல் என்று நினைக்கிறேன். அதனால் சூத்திரத்தை மாற்றாமல் வாசலில் ஒரு நிபந்தனை வைக்கலாம். மாதச் சந்தா எப்போதும் போல. அதற்கு மேல் விருப்பச் சேமிப்பு போட விரும்புகிறவர், அந்தக் கூட்டத்தில் கடன் கேட்டு விண்ணப்பம் இருந்தால் மட்டும் போடலாம். எடுக்க வேண்டும் என்றால் ஒரு கூட்டம் முன்னதாகச் சொல்ல வேண்டும். இதற்கான தீர்மான வாசகத்தை எழுதி வைத்திருக்கிறேன், ஏப்ரல் கூட்டத்தில் வாசிக்கிறேன். 2ஆம் எண் அக்காவின் பத்தாயிரத்துக்கு இது பொருந்தாது, விதி வருவதற்கு முன்பே போட்டது.

கடைசியாக, பங்கை வாங்கிக்கொள்வது பற்றி. ரொக்கமாக வேண்டுமா, சேமிப்பில் சேர்க்க வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். 937-ஐ சேமிப்பில் சேர்த்தால் உங்கள் ஆரம்ப இருப்பு 8,400-க்குப் பதிலாக 9,337 ஆகும். இதே விகிதம் நீடித்தால் அந்த 937 மட்டும் அடுத்த மார்ச்சில் ஏறக்குறைய 124 ரூபாய் கொண்டுவரும். விகிதம் நீடிக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது, பணம் சும்மா கிடந்தால் குறையும். இன்னொரு காரணமும் இருக்கிறது. வங்கி அடுத்த இணைப்புக் கடனை முடிவு செய்யும்போது குழுவின் மூலதனத்தைப் பார்க்கிறது. சேமிப்பு, சுழல் நிதி, உள்கடனில் வந்த வட்டி எல்லாம் அதில் சேரும், அதைப்போல் பல மடங்குதான் கடன். பன்னிரண்டு பேரும் ரொக்கமாக எடுத்துக்கொண்டால் மூலதனம் அந்த அளவுக்குக் குறையும். என் பங்கைச் சேமிப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். பள்ளிக் கட்டணமோ உரக்கடைப் பாக்கியோ இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்றும் தப்பில்லை.

ஏப்ரல் கூட்டம் வழக்கம்போல் இரண்டாம் ஞாயிறு, மாலை 3 மணிக்கே ஆரம்பம். பாஸ்புக்கைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். சேர்க்கிறவர்களுக்கு அன்றே பாஸ்புக்கில் மார்ச் இருப்போடு சேர்த்துப் பதிவு செய்து சேமிப்புப் பேரேட்டிலும் எழுதிவிடுவேன். ரொக்கம் வேண்டுபவர்கள் முந்தின புதன்கிழமைக்குள் சொன்னால்தான் வங்கியில் எடுத்து வைக்க முடியும். உங்கள் கூட்டலும் என் தாளும் வேறுபட்டால் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம், பாஸ்புக்கோடு வீட்டுக்கு வாருங்கள். பேரேடு கூட்ட நாள் வரை என்னிடம்தான் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்